பச்சை டிக் விழுந்தது, பணம் வரவில்லை: ‘என்றால்’ என்ற ஒரு சொல்லில் எங்கே ஏமாறுகிறோம்?

ஊட்டியில் ஒருவர் சின்னதாக ஹோம்ஸ்டே நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தமே மூன்று அறைகள். ஒரு வெள்ளிக்கிழமை இரவு, அவருடைய வெப்சைட்டில் மூன்று அறைகளையும் இரண்டு நாட்களுக்கு ஒருவர் புக் செய்கிறார். முன்பணம் கிடையாது. உத்தரவாதத்துக்கு கார்டு எண் மட்டும் கொடுத்தால் போதும். 16 இலக்க எண்ணை அவர் டைப் செய்கிறார். கட்டத்தின் ஓரத்தில் பச்சை டிக் விழுகிறது.

“எண் சரியா இருக்கு, அப்போ கார்டும் நிஜம்தான்” என்று நினைத்து, பிறகு போன் செய்த இரண்டு குடும்பங்களை ஓனர் திருப்பி அனுப்பிவிடுகிறார். சனிக்கிழமை யாரும் வரவில்லை. ஒரு நாள் வாடகையையாவது எடுக்கலாம் என்று பார்த்தால், அப்படி ஒரு கார்டே இல்லை என்று பதில் வருகிறது.

டிக் பொய் சொன்னதா? இல்லை. டிக் சொன்னது ஒன்று, ஓனர் புரிந்துகொண்டது அதன் தலைகீழ். இந்த இடறலை லாஜிக்கில் துல்லியமாகப் பிரித்துக் காட்ட முடியும். அதற்கு முதலில் அந்த டிக் எப்படி விழுகிறது என்று பார்ப்போம்.

டிக் எதைப் பார்க்கிறது?

பெரும்பாலான படிவங்களில், எண்ணை டைப் செய்து முடித்ததும் வரும் டிக்குக்கும் வங்கிக்கும் தொடர்பே இல்லை. உங்கள் போனுக்குள்ளேயே ஒரு சின்னக் கூட்டல் கணக்கு நடக்கிறது. ஐபிஎம் நிறுவனத்தில் வேலை பார்த்த ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர் 1954-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை அது. 1960-ல் காப்புரிமை கிடைத்தது. அவர் பெயரிலேயே ‘லூன் அல்காரிதம்’ என்கிறார்கள்.

கணக்கு எளிது. எண்ணை வலது ஓரத்திலிருந்து எண்ணிக்கொண்டே வந்து, இரண்டாவது, நான்காவது, ஆறாவது என ஒன்று விட்டு ஒன்று இலக்கங்களை இரட்டிப்பாக்க வேண்டும். இரட்டித்தது 9-ஐத் தாண்டினால் அதிலிருந்து 9-ஐக் கழிக்க வேண்டும். மற்ற இலக்கங்கள் அப்படியே இருக்கும். எல்லாவற்றையும் கூட்டினால் வரும் தொகை பூஜ்ஜியத்தில் முடிந்தால் பாஸ். இல்லையென்றால் ஃபெயில்.

4111 1111 1111 1111 என்ற எண்ணில் இதைச் செய்து பார்க்கலாம். இரட்டிப்பாக வேண்டிய எட்டு இடங்களில் ஒரு 4-ம் ஏழு 1-களும் இருக்கின்றன. 4 எட்டாகிறது. ஏழு 1-களும் ஏழு 2-களாகி 14 தருகின்றன. மிச்சமுள்ள எட்டு 1-கள் 8. மொத்தம் 8 + 14 + 8 = 30. பூஜ்ஜியத்தில் முடிகிறது, பாஸ்.

இப்போது கடைசி இலக்கத்தில் 1-க்குப் பதில், அதற்குக் கீழே இருக்கும் 4-ல் விரல் பட்டுவிட்டது என்று வைப்போம். கூட்டல் 33 ஆகிவிடும். ஃபெயில். ஒரே ஒரு இலக்கம் தவறினால், அது எந்த இடமாக இருந்தாலும் இந்தக் கணக்கு கண்டிப்பாகக் கண்டுபிடித்துவிடும். லூன் இதை வடிவமைத்ததே கைதவறலைப் பிடிக்கத்தான், கள்ளனைப் பிடிக்க அல்ல.

வங்கிகள் கார்டு எண்ணை உருவாக்கும்போதே, கடைசி இலக்கத்தை இந்தக் கணக்குக்குப் பொருந்துகிற மாதிரி தேர்ந்தெடுத்து வைக்கின்றன. அதனால் ஒரு வாக்கியத்தைத் தைரியமாகச் சொல்லலாம்:

இது வங்கி கொடுத்த கார்டு எண் என்றால், லூன் கணக்கில் பாஸ் ஆகும்.

ஹோம்ஸ்டே ஓனரின் டிக்குக்குப் பின்னால் இருந்த உண்மை இவ்வளவுதான்.

ஒரு வாக்கியம், மூன்று உறவினர்கள்

‘இது என்றால் அது’ என்ற வடிவில் எந்த வாக்கியத்தைச் சொன்னாலும், அதிலிருந்து இன்னும் மூன்று வாக்கியங்களை உருவாக்கலாம். இரண்டு பாதிகளை இடம் மாற்றுவது ஒரு வழி. இரண்டிலும் ‘இல்லை’ சேர்ப்பது இன்னொரு வழி. இடமும் மாற்றி, ‘இல்லை’யும் சேர்ப்பது மூன்றாவது வழி.

முதல் வகைக்குப் பெயர் கன்வர்ஸ். பள்ளியில் ‘பிதாகரஸ் தேற்றத்தின் மறுதலை’ என்று படித்தோமே, அந்த மறுதலைதான் இது. நம் வாக்கியத்துக்கு அது இப்படி வரும்: லூன் கணக்கில் பாஸ் ஆனால், இது வங்கி கொடுத்த கார்டு எண்.

இரண்டாவது இன்வர்ஸ்: இது வங்கி கொடுத்த கார்டு எண் இல்லை என்றால், லூன் கணக்கில் பாஸ் ஆகாது.

மூன்றாவது கான்ட்ராபாசிட்டிவ்: லூன் கணக்கில் பாஸ் ஆகவில்லை என்றால், இது வங்கி கொடுத்த கார்டு எண் இல்லை.

வேகமாகப் படித்தால் நான்கும் ஒரே விஷயத்தைச் சொல்வது போலத்தான் தோன்றும். ஓனரும் அப்படித்தான் நினைத்தார். அவருக்குத் தெரிந்தது மூல வாக்கியம், அவர் நம்பியது அதன் கன்வர்ஸ்.

சரி, இந்த நான்கில் எவை நிஜம்?

நான்கு பெட்டிகள் போட்டுப் பாருங்கள்

சூத்திரம் எதுவும் வேண்டாம். உலகத்தில் யாராலும் டைப் செய்ய முடிகிற எல்லா 16 இலக்க எண்களையும் நான்கு பெட்டிகளில் பிரித்துப் போடுவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

1. நிஜ கார்டு, பாஸ்
2. நிஜ கார்டு, ஃபெயில்
3. கார்டு இல்லை, பாஸ்
4. கார்டு இல்லை, ஃபெயில்

மூல வாக்கியம் என்ன சொல்கிறது? ‘நிஜ கார்டு என்றால் பாஸ்.’ அதாவது இரண்டாவது பெட்டி காலியாக இருக்கும் என்கிறது. அவ்வளவுதான். மற்ற மூன்று பெட்டிகளைப் பற்றி அது வாயே திறக்கவில்லை. கார்டு இல்லாத எண்கள் பாஸ் ஆகுமா, ஃபெயில் ஆகுமா என்பது அதற்குக் கவலையே இல்லை.

கான்ட்ராபாசிட்டிவ் என்ன சொல்கிறது? ‘ஃபெயில் என்றால் நிஜ கார்டு இல்லை.’ இதைப் பொய்யாக்க வேண்டுமென்றால், ஃபெயிலும் ஆகி நிஜ கார்டாகவும் இருக்கிற ஒரு எண்ணைக் கொண்டுவர வேண்டும். அது எந்தப் பெட்டியில் கிடைக்கும்? அதே இரண்டாவது பெட்டியில். ஆக, இரண்டு வாக்கியங்களும் ஒரே பெட்டியைத்தான் காலி என்கின்றன. அந்தப் பெட்டி நிஜமாகவே காலி என்றால் இரண்டும் உண்மை. அதில் ஒரே ஒரு எண் இருந்தாலும் இரண்டும் பொய். ஒன்று உண்மையாகி மற்றது பொய்யாக வழியே இல்லை.

கன்வர்ஸுக்கு வருவோம். ‘பாஸ் என்றால் நிஜ கார்டு.’ இது காலி என்று சொல்வது மூன்றாவது பெட்டியை: பாஸ் ஆகும், ஆனால் கார்டு இல்லை. இன்வர்ஸ் சொல்வது ‘கார்டு இல்லை என்றால் ஃபெயில்.’ இதைப் பொய்யாக்குவதும் மூன்றாவது பெட்டியில் இருக்கும் எண்தான். ஆகவே கன்வர்ஸும் இன்வர்ஸும் ஒரு ஜோடி. உண்மையானாலும் பொய்யானாலும் அவை இரண்டும் சேர்ந்தேதான் இருக்கும்.

இதுதான் மொத்த விஷயமும். மூல வாக்கியமும் கான்ட்ராபாசிட்டிவும் ஒரு ஜோடி, கன்வர்ஸும் இன்வர்ஸும் இன்னொரு ஜோடி. முதல் ஜோடி இரண்டாவது பெட்டியைப் பற்றிப் பேசுகிறது, இரண்டாவது ஜோடி மூன்றாவது பெட்டியைப் பற்றிப் பேசுகிறது. இரண்டாவது பெட்டி காலியாக இருப்பதை வைத்து, மூன்றாவது பெட்டியைப் பற்றி எதுவுமே சொல்ல முடியாது.

மூன்றாவது பெட்டியில் எத்தனை எண்கள்?

கார்டு விஷயத்தில் அந்தப் பெட்டி நிரம்பி வழிகிறது. முதல் 15 இலக்கங்களை நீங்கள் இஷ்டத்துக்குப் போட்டாலும், கடைசி இடத்தில் 0 முதல் 9 வரை ஏதாவது ஒரே ஒரு இலக்கம் கணக்கைப் பாஸ் ஆக்கிவிடும். எனவே 16 இலக்க எண்களில் சரியாகப் பத்தில் ஒரு பங்கு பாஸ் ஆகும். ஒன்றுக்குப் பின்னால் 15 பூஜ்ஜியங்கள் போட்டால் எவ்வளவோ அவ்வளவு எண்கள். உலக மக்கள் எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்தால் தலைக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் வரும். இவ்வளவு கார்டுகள் யாரிடம் இருக்கின்றன?

மேலே கூட்டிப் பார்த்த 4111 1111 1111 1111 எண்ணும் இந்தப் பெட்டியைச் சேர்ந்ததுதான். பேமென்ட் சாஃப்ட்வேர் எழுதுபவர்கள் சோதனைக்காகப் பயன்படுத்தும் பிரபலமான எண் அது. டிக் விழும், பணம் வராது.

இன்வர்ஸும் இதே இடத்தில்தான் அடிபடுகிறது. ‘எண் தப்பா இருந்தா கணக்கு காட்டிக் கொடுத்துடும்’ என்று நம்புவதுதான் இன்வர்ஸ். பெரும்பாலும் காட்டிக் கொடுக்கும், ஆனால் எப்போதும் இல்லை. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் 0, 9 இரண்டையும் மாற்றி 90 என்று டைப் செய்துவிட்டால் லூன் கணக்கால் கண்டுபிடிக்க முடியாது. 9-ஐ இரட்டித்தால் 18, அதில் 9 போனால் மறுபடி 9. பூஜ்ஜியத்தை இரட்டித்தாலும் பூஜ்ஜியம். இடம் மாறினாலும் கூட்டல் அப்படியே இருக்கும். எண் தவறு, டிக் மட்டும் பச்சை.

அப்படியென்றால் இந்தக் கணக்கால் என்ன பயன்? கான்ட்ராபாசிட்டிவ்தான் பயன். ஃபெயில் ஆனால் அது கார்டு எண் இல்லை என்பது உறுதி. வங்கியைக் கேட்காமலேயே, இன்டர்நெட் இல்லாமலேயே, படிவம் உடனே “எண்ணைச் சரிபார்க்கவும்” என்று சிவப்பில் காட்டலாம். இந்தச் சிவப்பு ஒரு முடிவு. பச்சை என்பது முடிவு இல்லை. ‘இதுவரை தப்பு எதுவும் கண்ணில் படவில்லை’ என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். கார்டு நிஜமா என்று தெரிய வேண்டுமானால் வங்கியைத்தான் கேட்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கான்ட்ராபாசிட்டிவ் மூல வாக்கியத்தைவிட அதிக உறுதியானது கிடையாது. நாளைக்கே ஒரு வங்கி லூன் கணக்கைக் கண்டுகொள்ளாமல் கார்டு கொடுத்தால், இரண்டாவது பெட்டியில் எண்கள் விழ ஆரம்பிக்கும். அப்போது மூல வாக்கியமும் போச்சு, சிவப்பு எச்சரிக்கையும் போச்சு. நிஜ கார்டு வைத்திருப்பவரே விரட்டப்படுவார்.

அப்போ கன்வர்ஸ் எப்போதும் பொய்யா?

அதுவும் இல்லை. பிதாகரஸ் தேற்றத்தையே பாருங்கள். செங்கோண முக்கோணம் என்றால், இரண்டு சிறிய பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் பெரிய பக்கத்தின் வர்க்கம் வரும். இதன் மறுதலையும் உண்மைதான். 3, 4, 5 அடி அளந்து மூலைமட்டம் பார்க்கும்போது நாம் நம்புவது அந்த மறுதலையைத்தான். ஆனால் தேற்றம் உண்மை என்பதால் மறுதலை தானாக உண்மையாகிவிடவில்லை. யூக்ளிட் தன் முதல் புத்தகத்தில் தேற்றத்தை 47-வதாகவும், மறுதலையை 48-வதாகவும் வைத்து, இரண்டையும் தனித்தனியே நிரூபித்தார்.

இதுதான் வித்தியாசம். கான்ட்ராபாசிட்டிவ் இலவசமாகக் கிடைக்கும். கன்வர்ஸ் வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஆதாரம் காட்ட வேண்டும்.

மூளை ஏன் வழுக்குகிறது?

நம் பேச்சு அப்படிப் பழக்கியிருக்கிறது. “ஹோம்வொர்க் முடிச்சா போன் தரேன்” என்று அம்மா சொல்கிறார். முடிக்காவிட்டால்? கிடைக்காது என்று எந்தக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் அம்மா அதைச் சொல்லவே இல்லை. அவர் சொன்னது மூல வாக்கியம், குழந்தை கேட்டுக்கொண்டது இன்வர்ஸையும் சேர்த்து. வீட்டில் இது தப்பாகப் போவதில்லை, ஏனென்றால் அம்மா இரண்டையும்தான் மனதில் வைத்துச் சொன்னார்.

தமிழில் இந்த வித்தியாசத்தைக் காட்ட ஒரு குட்டிச் சொல் இருக்கிறது: ‘தான்’. “முடிச்சா தரேன்” என்பது வேறு, “முடிச்சாதான் தருவேன்” என்பது வேறு. இரண்டாவது வாக்கியம் ‘முடிக்கலைன்னா இல்லை’ என்பதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. ‘தான்’ இல்லாத வாக்கியத்தில் நாமே மனதுக்குள் ஒரு ‘தான்’ சேர்த்துக்கொள்வதுதான் சிக்கல். வங்கி கார்டு என்றால் பாஸ் ஆகும் என்பது உண்மை. வங்கி கார்டு என்றால்தான் பாஸ் ஆகும் என்பது பொய்.

போனில் வரும் அதே பொறி

இந்த ஒரு ‘தான்’ எவ்வளவு பணத்தைக் கொண்டுபோகும் என்பதற்கு, நமக்கெல்லாம் மனப்பாடமான ஒரு வாக்கியமே சாட்சி: “வங்கி ஊழியர் போனில் ஓடிபி கேட்க மாட்டார்.” இதை ‘என்றால்’ போட்டு எழுதினால்: பேசுபவர் வங்கி ஊழியர் என்றால், ஓடிபி கேட்க மாட்டார்.

இதன் கான்ட்ராபாசிட்டிவ்: ஓடிபி கேட்கிறார் என்றால், பேசுபவர் வங்கி ஊழியர் இல்லை. இது நம்மைக் காப்பாற்றுகிற வடிவம். கேட்ட நொடியில் போனை வைத்துவிடலாம், மேற்கொண்டு யோசிக்க எதுவுமில்லை.

மோசடி செய்பவர்களுக்கும் இந்த வாக்கியம் தெரியும். அதனால் அழைப்பு இப்படியும் வருகிறது:

“சார், உங்க பேங்க்லேர்ந்து பேசுறோம். ஓடிபி யார் கேட்டாலும் சொல்லாதீங்க சார், எங்ககிட்டகூட சொல்லாதீங்க. கேஒய்சி அப்டேட்டுக்கு வாட்ஸ்அப்ல ஒரு ஃபைல் அனுப்பியிருக்கோம். அதை மட்டும் இன்ஸ்டால் பண்ணிடுங்க.”

கேட்பவருக்கு நிம்மதி. ‘ஓடிபி கேட்கலையே, அப்போ பேங்க்தான்.’ இதுதான் கன்வர்ஸ். ‘திருடனா இருந்தா ஓடிபி கேட்டிருப்பானே’ என்று நினைத்தாலும் அதே கதைதான், அது இன்வர்ஸ். இரண்டும் மூன்றாவது பெட்டியை மறந்துவிடுகின்றன: வங்கி ஊழியரும் இல்லை, ஓடிபியும் கேட்கவில்லை. அனுப்பப்பட்ட ஃபைல், போனுக்கு வரும் எஸ்எம்எஸ்களைப் படிக்கும் ஆப்பாக இருந்தால், ஓடிபியைக் கேட்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. அதுவே எடுத்துக்கொள்ளும்.

பெயர், பிறந்த தேதி, கார்டின் கடைசி நான்கு இலக்கங்கள் என எல்லாவற்றையும் சரியாகச் சொல்லி நம்ப வைப்பதும் இதே ரகம். வங்கி ஊழியர் என்றால் இவை தெரிந்திருக்கலாம். தெரிந்திருப்பதாலேயே அவர் வங்கி ஊழியர் ஆகிவிட மாட்டார்.

மூல வாக்கியத்தின் எல்லையையும் மறக்கக் கூடாது. அது போனில் பேசும் ஊழியரைப் பற்றியது. நீங்களே ஆரம்பித்த பேமென்ட்டில், ஸ்கிரீனில் ஓடிபி கேட்பது வேறு விஷயம். வாக்கியத்தை அதன் எல்லை தாண்டி இழுத்தால் கான்ட்ராபாசிட்டிவும் கூடவே தப்பாகிவிடும்.

ஒரே ஒரு கேள்வி

பெயர்கள் மறந்துபோனாலும் பரவாயில்லை. ‘அப்போ நிஜம்தான்’ என்று மனது சொல்லும் நேரத்தில் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்த்தால் போதும்: இது நிஜமாக இல்லாமலேயே இந்த அறிகுறி வர முடியுமா?

முடியும் என்றால் மூன்றாவது பெட்டி காலி இல்லை. டிக் விழுந்ததும், ஓடிபி கேட்காததும் எதையும் நிரூபிக்கவில்லை. அந்த ஹோம்ஸ்டே ஓனர் வெள்ளிக்கிழமை இரவே இப்படிக் கேட்டிருந்தால், ஒரு அறைக்காவது முன்பணம் வாங்கிப் பார்த்திருப்பார். போனில் பேசுபவர் விஷயத்தில், அழைப்பைத் துண்டித்துவிட்டு, கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுப் பேசலாம்.